திருவெம்பாவை தெருவை விட்டு வீட்டுக்குள் வந்ததை 250 சொற்களில் எழுதுவது

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் பக்திப் பாடல் பற்றி மாநாடுகளுக்கு எழுதப்படும் ஆய்வுச் சுருக்கங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் இடறுகின்றன. எந்தப் பாடல், எந்த ஊரார், எந்த ஆண்டு புறப்பட்டவர்கள் என்று ஒன்றும் இராது. "புலம்பெயர் தமிழர் தம் பக்தி மரபை அந்நிய மண்ணிலும் பேணிக் காக்கின்றனர்" என்ற வாக்கியம் மட்டும் இருக்கும். அதை யாரும் மறுக்கப் போவதில்லை. மறுக்கவே முடியாத ஒன்றைத் தேர்வுக்குழு எதற்காக இருபது நிமிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்?

இதற்கு மருந்து, ஒரு பாடலையும் ஒரு சமூகத்தையும் பிடித்துக்கொள்வது. இங்கே யாழ்ப்பாணத்துச் சைவக் குடும்பங்களின் திருவெம்பாவையை எடுத்துக்கொள்கிறோம். 1983 கலவரத்துக்குப் பிறகு இலண்டன், ரொறன்ரோ, ஒஸ்லோ, சூரிச் என்று போன குடும்பங்கள் இவை. மாணிக்கவாசகர் பாடிய இருபது பாடல்களும் மார்கழியில் திருவாதிரையோடு முடியும் பத்து நாட்களில் பாடப்படுபவை. இதைத் தேர்ந்ததற்குக் காரணம், மற்றப் பல பாடல்களைப் போலன்றி இந்தப் பாட்டுக்குள்ளேயே நேரமும் இடமும் இருக்கின்றன. நேரம் விடியுமுன், இடம் தூங்குகிற தோழியின் வாசல். முதல் எட்டுப் பாடல்கள் முழுவதும் அந்த எழுப்புதல்தான். நேரமும் இடமும் பாட்டுக்குள் இருப்பதால், நாடு மாறியபோது இரண்டுக்கும் என்ன நேர்ந்தது என்று நேராகக் கேட்கலாம். தேவாரப் பதிகம் ஒன்றை எடுத்தால் இந்தக் கேள்வி இவ்வளவு கூர்மையாக வராது.

ஊரில் இருந்த வழக்கத்தை முதலில் உடைத்துப் பார்க்க வேண்டும். விடியற்காலை நான்கு மணியளவில் ஒரு கூட்டம் கிளம்பும். பெரும்பாலும் இளைஞரும் சிறுவரும். ஒருவர் சங்கு ஊதுவார், ஒருவர் சேமக்கலம் என்னும் வெண்கலத் தட்டைத் தட்டுவார், ஒழுங்கை ஒழுங்கையாகப் பாடிக்கொண்டு போவார்கள். கோயிலில் தனியே திருவெம்பாவைப் பூசை நடக்கும். அங்கே ஒவ்வொரு பாடலின் முடிவிலும் தீபம் காட்டுவது பல கோயில்களில் வழக்கம். வீட்டில் இருப்பவர்கள் பாடுபவர்களாக இருக்கவில்லை, எழுப்பப்படுபவர்களாக இருந்தார்கள். ஆக, பாடும் கூட்டம், நடக்கும் வழி, எழுப்பும் ஒலி, கேட்கும் வாசல், தீபம் என்று ஐந்து உறுப்புகள். புலம்பெயர்ந்தபோது இந்த ஐந்தும் ஒன்றாக மாறவில்லை, ஒவ்வொன்றும் வேறு வேறு காரணத்தால் மாறின. சுருக்கத்தின் உயிர் இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது.

ஒலியைப் பாருங்கள். செர்மனியில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை அமைதி நேரம் என்பது பொது நடைமுறை, சுவிட்சர்லாந்திலும் அதையொட்டியதே. நான்கு மணிக்குச் சேமக்கலத்தோடு தெருவில் இறங்க வழியில்லை. அடுக்குமாடியில் சங்குக்கும் அதே கதி. தீபம் குறைந்ததற்குக் காரணம் வேறு: புகை உணர்கருவி. சாம்பிராணியும் கற்பூரமும் அந்தக் கருவியை அலற வைக்கும் என்பதால் கற்பூரம் போய் நெய்விளக்கு வந்தது. பாட்டுக்குப் பாட்டு காட்டிய தீபம் கடைசியில் ஒருமுறை என்று சுருங்கியது. தீபம் காட்டும் இடைவெளியில் பாடுபவர்கள் மூச்சு வாங்கி அடுத்த பாடலுக்குச் சுருதி சேர்ப்பார்கள். அந்த இடைவெளி போனதும் பாடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேகம் கூடும். இப்படி ஒரு கருவியிலிருந்து பாட்டின் வேகம் வரை காரணச் சங்கிலியைக் காட்டிவிட்டால், "சூழல் மாற்றத்தால்" என்ற சொல்லே தேவைப்படாது.

நேரமும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் டிசம்பர் கடைசியில் சூரியன் உதிப்பது ஏறக்குறைய 6.20 மணிக்கு. இலண்டனில் எட்டைத் தாண்டும், ரொறன்ரோவில் எட்டை நெருங்கும், ஒஸ்லோவில் ஒன்பதேகால் ஆகும். காலை ஏழு மணிக்கு இலண்டனில் ஒரு குடும்பம் பாடினால், கடிகாரப்படி அது பிந்தியது. வானத்தின்படி இன்னும் விடியவில்லை. சிலர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நான்கரைக்கு எழுகிறார்கள், சிலர் இருட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள், சிலர் இரண்டையும் விட்டு மாலை வேலை முடிந்து வந்து பாடுகிறார்கள். எதை விடவில்லை என்று கேட்டுப் பதிந்தால் போதும், அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

இனி, மிக அதிகமாகத் தவறும் இடம். எல்லா மாற்றத்துக்கும் புலம்பெயர்வையே காரணமாக்கிவிடுவது. ஊரிலும் காலம் நின்றுவிடவில்லை. கோயில் ஒலிபெருக்கி வந்தபோதே தெருக்கூட்டத்தின் வேலையில் பாதியை அது எடுத்துக்கொண்டது. போர்க்காலத்தில் ஊரடங்கு இருந்த இடங்களில் விடியுமுன் தெருவில் நடப்பதே ஆபத்து. 1984இல் புறப்பட்ட ஒருவர் நினைவில் வைத்திருக்கும் திருவெம்பாவை வேறு, 1997இல் புறப்பட்டவர் கண்டது வேறு. பின்னவர் தெருக்கூட்டத்தைப் பார்த்தே இராமல் இருக்கலாம். இருவரையும் ஒரே கூடையில் போட்டு "ஊரில் தெருவில் பாடினோம், இங்கே வீட்டில் பாடுகிறோம்" என்று எழுதினால், ஈழத்தை அறிந்த கேட்பவர் ஒருவர் முதல் கேள்வியிலேயே அதைக் கவிழ்த்துவிடுவார்.

இதைத் தவிர்க்கும் வழி எளிது, ஆனால் உழைப்பு கேட்பது. ஒவ்வொரு குடும்பத்திடமும் நான்கு செய்திகளை முதலில் வாங்க வேண்டும்: எந்தக் கிராமம், எந்த ஆண்டு அந்தக் கிராமத்தை விட்டார்கள், அப்போது என்ன வயது, நேராக வந்தார்களா அல்லது கொழும்பிலோ தமிழ்நாட்டு முகாமிலோ இடையில் தங்கினார்களா. இடையில் தங்கியது முக்கியம். தமிழ்நாட்டில் சில ஆண்டுகள் இருந்த குடும்பம் அங்கே திருப்பாவையோடு சேர்த்துத் திருவெம்பாவையைக் கேட்டிருக்கும். இன்று அவர்கள் பாடும் மெட்டு யாழ்ப்பாணத்திலிருந்து வந்ததா, அங்கே ஒலிநாடாவில் கேட்டதா என்று பிரிக்க வேண்டியிருக்கும். முடிந்தால் அதே கிராமத்தில் இன்றும் இருக்கும் சகோதரரிடமோ மச்சாளிடமோ தொலைபேசியில் அதே கேள்விகளைக் கேளுங்கள். போகாத உறவு ஒன்று அருகில் இருந்தால்தான் போனதன் விளைவு எது என்று சொல்ல முடியும்.

கேள்வியைக் கேட்கும் விதமும் விடையை மாற்றும். "ஊரில் எப்படிப் பாடுவீர்கள், அம்மா?" என்றால் எல்லோரும் ஒரே மாதிரி அழகாகச் சொல்வார்கள்; அது சொல்லிச் சொல்லி மெருகேறிய விடை. "அந்த ஆண்டு சேமக்கலம் யார் தட்டினது?", "உங்கட ஒழுங்கைக்கு எத்தனை மணிக்கு வருவினம்?" என்று கேட்டால் தெரிந்தவர் பெயர் சொல்லத் தொடங்குவார், தெரியாதவர் தயங்குவார். அந்தத் தயக்கத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். பொய் என்று எண்ண வேண்டாம். மற்றவரிடம் கேட்டதைத் தன் நினைவாக ஏந்திக்கொள்வதும் இந்த ஆய்வின் பொருள்தான்.

பாடும்போது அறையில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. எத்தனை பாடல், எந்தெந்தப் பாடல் என்பது முதலாவது. நிதானமாகப் பாடினால் ஒரு பாடலுக்கு ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஆகும். இருபதையும் பாட அரை மணிக்கு மேல் வேண்டும். பள்ளி நாளில் அது நடக்காது, எனவே வீடுகளில் தேர்ந்தெடுத்தல் நடக்கிறது. "ஆதியும் அந்தமும் இல்லா அரும்பெருஞ்சோதியை" என்ற முதற்பாடலும், "போற்றி அருளுகநின் ஆதியாம் பாதமலர்" என்ற இருபதாவதும் எளிதில் விடப்படுவதில்லை. இடையில் எது நிற்கிறது, எது விழுகிறது என்று பாருங்கள். நான்காம் பாடல் "ஒண்ணித் திலநகையாய் இன்னம் புலர்ந்தின்றோ" வெளியே நிற்பவளும் உள்ளே படுத்திருப்பவளும் பேசிக்கொள்வது. உள்ளிருப்பவள் எல்லோரும் வந்தாயிற்றா என்கிறாள். வெளியே இருப்பவள், நீயே வந்து எண்ணிக்கொள் என்கிறாள். வாசல் இல்லாத அறையில் இந்தப் பாடலை எப்படிப் பிரித்துப் பாடுகிறார்கள்? ஒரு வீட்டில் அம்மாவும் மகளும் ஆளுக்கு ஓர் அடி எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரே குரலாகப் பாடி உரையாடலைக் கரைத்துவிடலாம். இருபதில் இந்த ஒரு பாடலை மட்டும் எல்லா வீட்டிலும் பதிந்து ஒப்பிட்டாலே ஒரு சுருக்கத்துக்குப் போதிய பொருள் கிடைக்கும்.

இரண்டாவது, யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது. ஊரில் தெருவில் முன்னின்றவர்கள் ஆண்பிள்ளைகள். பாட்டின் குரலோ பெண்களுடையது. வீட்டுக்குள் வந்தபின் அம்மம்மாவோ அம்மாவோ எடுத்துக் கொடுத்தால், தெரிந்தோ தெரியாமலோ பாட்டு தன் குரலுக்குத் திரும்பியிருக்கிறது. இது எங்கள் ஊகம். உங்கள் பதிவுகள் இதை ஏற்கின்றனவா என்று சோதித்துத்தான் எழுத வேண்டும். மாமாவும் பெரியப்பாவும் எடுத்துக் கொடுக்கும் வீடுகள் பாதிக்கு மேல் இருந்தால் அந்த வாதத்தைக் கைவிட்டுவிடுங்கள்.

மூன்றாவது, கையில் இருக்கும் எழுத்து. பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் பெயர்த்த தாளைப் பார்த்துப் பாடினால் ர, ற இரண்டும் ஒன்றாகும். ல, ள, ழ ஒன்றாகும். குறிலும் நெடிலும் தாளைத் தயாரித்தவரின் பழக்கத்துக்கு ஏற்ப அலையும். நெடில் குறுகினால் தாளம் தட்டும். பெரியவர்கள் அந்த அடியை இழுத்து ஈடுசெய்வார்கள், பிள்ளைகள் அடுத்த அடிக்குள் போயிருப்பார்கள். ஒலிப்பதிவில் அடி முடிவில் குரல்கள் பிரிவது கேட்டால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தாளின் படமொன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் எந்த அடியில் ஏன் பிரிந்தது என்று பின்னால் சொல்ல முடியாது.

ஒலிப்பதிவுக்கு நல்ல கைபேசி போதும். WAV கோப்பாகப் பதியுங்கள், பாடுபவரிடமிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, விளக்குத் தட்டு இருக்கும் மேசையில் வைக்காமல். மணி அடித்தால் அந்த மேசையே அதிர்ந்து பாட்டை மூழ்கடிக்கும். பாட்டுக்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் கூடுதலாக ஓடவிடுங்கள். "நீ அந்தப் பக்கத்தை எடு", "அம்மம்மா, கொஞ்சம் மெதுவா" போன்ற பேச்சில்தான் யார் யாருக்குக் கற்றுக் கொடுக்கிறார் என்பது தெரியும்.

2020க்குப் பிறகு ஜூமில் பாடும் வழக்கமும் பல குடும்பங்களில் தங்கிவிட்டது. ரொறன்ரோ அக்காவும் இலண்டன் தங்கையும் ஊரில் இருக்கும் அம்மாவும் ஒரே திரையில். ஆனால் அதில் சேர்ந்து பாட இயலாது. ஒருவர் குரல் மற்றவரை அடைய ஆகும் தாமதம் ஏறக்குறைய 30 மில்லிவினாடியைத் தாண்டினாலே கூட்டுப்பாடல் குலையும். இணையக் கூட்டத்தில் தாமதம் அதைவிடப் பலமடங்கு. அதனால் ஒருவர் பாட மற்றவர்கள் ஒலியை அடைத்துவிட்டு உதட்டால் சேர்ந்து பாடுவார்கள். ஒவ்வொருவருக்கும் தம் குரலும் தலைமைக் குரலும் மட்டுமே கேட்கும். சேமக்கலத்தையும் சுருதிப்பெட்டியையும் மென்பொருள் இரைச்சல் என்று எண்ணி அடக்கிவிடும். பதிவுக்காக Original sound for musicians என்ற தெரிவை இயக்கச் சொல்லுங்கள். ஒன்றை மறக்கக் கூடாது: அந்தத் தெரிவை நீங்கள் இயக்கச் சொன்னால், அவர்கள் வழக்கமாகக் கேட்கும் ஒலியை நீங்கள் மாற்றிவிட்டீர்கள். ஒரு நாள் அதோடும் ஒரு நாள் அது இல்லாமலும் பதிவதே நேர்மை.

நாட்காட்டி பலரையும் ஏமாற்றும். திருவாதிரை ஒவ்வோர் ஆண்டும் நகரும். 2023இல் அது டிசம்பர் 27இல் வந்தது. அந்த மார்கழியின் பத்து நாட்களில் பின்பாதி இங்கிலாந்தில் பள்ளி விடுமுறைக்குள் அடங்கியது. அடுத்த மார்கழிக்கு உரிய திருவாதிரை 2025 சனவரி 13இல் விழுந்தது. பத்து நாட்களில் பெரும்பகுதி பள்ளி திறந்த பிறகு. முதலாவதில் விடுமுறை தொடங்கியபின் பிள்ளைகள் நாள்தோறும் எழுந்து பாடியிருப்பார்கள், இரண்டாவதில் சனி ஞாயிறு மட்டும். ஓர் ஆண்டை மட்டும் பார்த்து "இளந்தலைமுறையின் ஈடுபாடு குறைகிறது" என்று எழுதியவர் உண்மையில் பள்ளி நாட்காட்டியைத்தான் அளந்திருக்கிறார். இரண்டு மார்கழிகளைப் பார்க்க இயலாவிட்டால், பார்த்த ஆண்டின் திருவாதிரைத் தேதியைச் சுருக்கத்திலேயே குறிப்பிட்டுவிடுங்கள். அதோடு, துடக்கு உள்ள வீட்டில் அந்த ஆண்டு பாட்டு இராது. இழப்பு நேர்ந்த வீட்டை "பாடுவதில்லை" என்ற பட்டியலில் சேர்ப்பது பிழையும் ஆகும், மரியாதைக் குறைவும் ஆகும்.

இனி எழுதுவது. பல மாநாடுகள் 250 முதல் 300 சொல் கேட்கும். ஆங்கிலக் கணக்கு அது. தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே பொருள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குச் சொல்லில் அடங்கும். தமிழில் 250 சொல் எழுதிவிட்டு ஆங்கிலத்துக்குப் பெயர்த்தால் வரம்பை மீறும். பெயர்க்கும் எண்ணம் இருந்தால் 170 சொல்லோடு நிறுத்துங்கள்.

முதல் வரைவு பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: "பன்னெடுங்காலமாகத் தமிழர் வாழ்வில் பக்தி இலக்கியம் பெரும் பங்கு வகித்து வருகிறது. உலகெங்கும் பரந்து வாழும் தமிழர்..." இரண்டு வாக்கியம், சொல் வரம்பில் பத்தில் ஒரு பங்கு போயிற்று, வாசிப்பவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அதை அப்படியே வெட்டிவிட்டு வாதத்தை முதல் வாக்கியத்தில் வையுங்கள். அடுத்து யாரிடம், எங்கே, எப்போது பார்த்தீர்கள், பிறகு கண்டது, பிறகு அது எதை மாற்றிச் சிந்திக்க வைக்கிறது, கடைசியில் எல்லை. வடிவத்தைக் காட்ட ஒரு மாதிரி கீழே. இதிலுள்ள எண்களும் முடிவுகளும் மாதிரிக்காக அமைத்தவை. உங்கள் களம் தருவதை அங்கே வையுங்கள்.

"வாசலில்லாத எழுப்புதல்: இலண்டன் ஈழத்தமிழ்க் குடும்பங்களில் திருவெம்பாவை. தெருவில் பிறர் வாசலில் பாடப்பட்ட திருவெம்பாவை, புலம்பெயர்ந்த வீடுகளில் பாடுபவரும் கேட்பவரும் ஒருவரேயான பாட்டாக மாறியுள்ளது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. வடமராட்சியிலிருந்து 1983க்கும் 1990க்கும் இடையே புறப்பட்டு இலண்டனில் வாழும் பன்னிரண்டு குடும்பங்களில் ஒரு மார்கழியின் பத்து நாட்களில் செய்த ஒலிப்பதிவுகளும், அதே கிராமங்களில் தங்கிய உறவினர் நால்வரின் நேர்காணல்களும் இதற்கு அடிப்படை. உரையாடலாக அமைந்த நான்காம் பாடலை ஒப்பிட்டதில், எட்டு வீடுகளில் அது ஒரே குரலாக ஒன்றியிருந்தது. நான்கு வீடுகளில் தாயும் பிள்ளையும் பிரித்துப் பாடினர். பிரித்துப் பாடிய வீடுகளில் எல்லாம் தெருக்கூட்டத்தில் நேரில் சென்ற ஒருவர் இருந்தார். சங்கும் சேமக்கலமும் நின்றதற்கு அயலாரின் உறக்கமும், தீபம் சுருங்கியதற்குப் புகை உணர்கருவியும் காரணமாகச் சொல்லப்பட்டன. மரபு காக்கப்பட்டதா அழிந்ததா என்ற கேள்விக்குப் பதிலாக, பாட்டின் எந்த உறுப்பு எந்தப் பொருட்காரணத்தால் மாறுகிறது என்று கேட்பது பயனுள்ளது என இது காட்ட முனைகிறது. 1990க்குப் பிறகு புறப்பட்ட குடும்பங்கள் இதில் அடங்கவில்லை."

கடைசி வாக்கியத்தைப் பலரும் எழுதப் பயப்படுவார்கள், பலவீனம் போலத் தெரியுமே என்று. உண்மையில் தேர்வுக்குழுவில் இருக்கும் ஈழத்து ஆய்வாளர் தேடுவதே அதைத்தான். அதை எழுதியவருக்கு அடித்தளம் எது என்று தெரிந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. "எட்டு வீடு", "நான்கு வீடு" என்ற எண்களை விழுக்காடாக மாற்றாதீர்கள். பன்னிரண்டில் எட்டை 66.7 என்று எழுதினால் இல்லாத துல்லியத்தைப் பாசாங்கு செய்வதாகும்.

களம் இன்னும் முடியாத நிலையில் சுருக்கம் அனுப்ப வேண்டி வரும். மாநாட்டு இறுதி நாள் மார்கழிக்காகக் காத்திருக்காது. அப்போது முடிவை ஊகித்து எழுத வேண்டாம். "நான்காம் பாடலின் உரையாடல் வடிவம் தங்குவதும் தெருக்கூட்ட அனுபவமும் தொடர்புடையனவா என்று ஆராய்கிறது" என்று கேள்வியாகவே எழுதலாம். கேள்வி கூர்மையாக இருந்தால் ஏற்கிறார்கள்.

திறவுச்சொற்களில் "தமிழ்", "பக்தி", "புலம்பெயர்வு" மூன்றையும் மட்டும் போட்டால் அமர்வு அமைப்பவர் உங்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் பக்தி இலக்கிய உரை விளக்க அமர்வில் தள்ளிவிடுவார். "வீட்டு வழிபாடு", "ஒலிச்சூழல்" போன்ற இரண்டைச் சேர்த்தால் சரியான கேட்பவர்கள் கிடைப்பார்கள்.

உரை நிகழ்த்தும் நாளில் ஒலிக்க இரண்டு துண்டுகள் போதும்: நான்காம் பாடலின் அதே அடிகள், பிரித்துப் பாடிய வீடு ஒன்று, ஒன்றிப் பாடிய வீடு ஒன்று, ஒவ்வொன்றும் நாற்பது வினாடி. அவற்றை ஒலிக்க அந்தக் குடும்பங்களிடம் தனியே அனுமதி வாங்க வேண்டும். பதிய விட்டதும் பலர் முன் ஒலிக்க விடுவதும் வேறு வேறு சம்மதங்கள். பிள்ளைகளின் குரல் இருந்தால் பெற்றோரையும் கேளுங்கள், பிள்ளையையும் கேளுங்கள். பன்னிரண்டு வயதுப் பெண் தன் குரல் பிசகிய பதிவை அந்நியர் முன் போட வேண்டாம் என்றால், வேறொரு நாளின் பதிவைத் தேடுவதுதான் வழி. பத்து நாளும் பதிந்து வைத்திருந்தால் அதற்கும் இடமுண்டு.